ஓடுவது இருக்கட்டும், நிற்கத் தெரியுமா?

2022 அக்டோபர் மாதம். புரோ கபடி லீக்கில் 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்குத் தமிழ் தலைவாஸ் வாங்கிய பவன் ஷெராவத், தன் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. மறு ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்றார்.

மேலே விழுந்து பிடிக்கும் விளையாட்டில் எல்லா அடிகளையும் தவிர்க்க முடியாது. ஆனால், யாரும் தொடாமலேயே முழங்கால் திருகிக்கொள்வதும் உண்டு. வேகமாகப் போய்ச் சட்டென்று நின்று திரும்பும்போதுதான் அது நடக்கும். இதைப் போட்டி இல்லாத மாதங்களில் சரிசெய்யலாம்.

புக்கிட் தெங்காவில் ஷிப்ட் வேலை பார்க்கும் ரெய்டர் தம்பி ஒருவர், "போட்டி இல்லை, தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுறேண்ணே" என்றார். ஓடினால் மூச்சு நிற்கும். நிற்கும் பலம் வராது. ஒரு காலில் நின்று முன்னே தாவி, அதே காலில் இறங்கி இரண்டு விநாடி ஆடாமல் நிற்கச் சொன்னோம். வலது கால் 150 சென்டிமீட்டர், இடது கால் 126. அதாவது வலதில் 84 சதவீதம்தான். 90க்குக் கீழே இருந்தால் அந்தக் காலைக் கவனிக்க வேண்டும்.

முதல் மூன்று வாரம் பலம். வாரம் இரண்டு நாள், நடுவே குறைந்தது இரண்டு நாள் ஓய்வு. படியில் ஒரு காலில் நின்று, மற்ற காலை மூன்று விநாடி எடுத்து மெதுவாகத் தரைக்கு இறக்க வேண்டும். 8 தடவை, மூன்று சுற்று. இடது காலுக்கு ஒரு சுற்று கூடுதல். பிறகு மண்டியிட்டு, நண்பர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னே சாய வேண்டும். இது பின்தொடைக்கு. 5 தடவை, இரண்டு சுற்று போதும். முதல் வாரம் தொடை வலிக்கும். அதற்குப் பயந்து விடவும் வேண்டாம், அதிகமாக்கவும் வேண்டாம்.

அடுத்த மூன்று வாரம் பலப் பயிற்சி ஒரு நாள், சுறுசுறுப்புப் பயிற்சி இரண்டு நாள். மையக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் உள்ள பாக் லைனுக்குப் பாய்ந்து, இரண்டே எட்டில் நிற்க வேண்டும். எதிரில் நிற்பவர் கை காட்டும் பக்கம் திரும்பி ஓடிவர வேண்டும். எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்தால் அது வெறும் ஓட்டம்தான். 6 தடவை; ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிட ஓய்வு.

கைப்பேசியில் முன்னாலிருந்து படம் பிடியுங்கள். நிற்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்ந்தாலோ, பாதம் 'தொம்' என்று விழுந்தாலோ, அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். களைத்த கால் தவறான பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும். முழங்கால் வீங்கினாலோ, பிடி விட்டதுபோல் நழுவினாலோ பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

ஆறு வாரம் கழித்துத் தம்பி மறுபடி தாவினார். வலது 153, இடது 141. இப்போது 92 சதவீதம். இனி அவர் ஓடலாம்.