பல் முளைச்சா பேதி வருமா?

"பல் முளைக்குது டாக்டர், அதான் காய்ச்சல், பேதி." ஓபி-யில் அடிக்கடி கேட்கிற வசனம் இது. பாவம் அந்தப் பல்லு, அது மேல பழி போடாதீங்க.

1/ முதல் பல் பெரும்பாலும் 6-10 மாதத்துல, கீழே நடுவுல வரும். அடுத்து மேல் முன்பற்கள். ஒன்றேகால் வயதை ஒட்டி முதல் கடைவாய்ப்பல். கோரைப்பல் அதுக்கு அப்புறம்தான், அதனால நடுவுல இடைவெளி இருந்தா பயப்படாதீங்க. கடைசி கடைவாய்ப்பல் இரண்டு, இரண்டரை வயசுல. 3 வயசுக்குள்ள மொத்தம் 20.

2/ பல் வரும்போது ஜொள்ளு வடியும், ஈறு வீங்கும், குழந்தை சிணுங்கும். உடம்பு லேசா சுடலாம். 100.4 டிகிரியைத் தாண்டினா வேற காரணம் தேடணும்.

3/ அப்போ ஏன் ரெண்டும் சேர்ந்து வருது? அம்மாகிட்ட இருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறையுற வயசும் அதுதான். தவழ்ந்து, கையில கிடைச்சதையெல்லாம் வாயில வைக்கிற வயசும் அதுதான். கிருமி அப்படித்தான் உள்ளே போகுது.

4/ 8 மாதக் குழந்தை, கீழே ரெண்டு பல் எட்டிப் பார்க்குது, 102 டிகிரி, தண்ணியா ஏழு தடவை பேதி. இது தொற்று. ஒவ்வொரு பேதிக்கும் 50-100 மில்லி ஓஆர்எஸ், 14 நாள் ஜிங்க். தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கண் குழி விழுந்தா, 6 மணி நேரமா சிறுநீர் போகலைன்னா, குழந்தை துவண்டு கிடந்தா உடனே ஆஸ்பத்திரி.

5/ ஒன்றரை வயசாகியும் ஒரு பல்கூட வரலையா? அப்போ பல்லுக்காகவே வந்து காட்டுங்க.