கிழமைத் தவணையும் பத்தாம் திகதிச் சம்பளமும்

வடக்கு கிழக்கில் போருக்குப் பின்னர் நுண்கடன் என்ன செய்தது என்பதை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அதே கடன், அதே ஐந்து பெண்கள் கொண்ட குழு, அதே கிழமைத் தவணை மலையகத் தோட்டங்களுக்கும் போயிருக்கிறது. ஹற்றன், நுவரெலியாப் பக்கத்து லயங்களில் அது எப்படி இயங்குகிறது என்று பார்த்தபோது, வன்னியில் எங்களுக்குப் பிடிபடாத ஒரு விடயம் அங்கே வெளிச்சமாகத் தெரிந்தது. பங்களாதேஷில் வெற்றி பெற்ற ஒரு முறையிலிருந்து எதை எடுத்து வந்தார்கள், எதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்பதுதான் அது.

பேராசிரியர் முகமது யூனுஸ் 1976இல் சிட்டகொங்கிற்கு அருகிலுள்ள ஜோப்ரா கிராமத்தில் தொடங்கிய முயற்சி, 1983இல் கிராமீன் வங்கியானது. பிணையாக வைக்கக் காணியோ நகையோ இல்லாத பெண்களுக்குக் கடன் கொடுத்து, ஒரு வருடத்தில் கிழமைக்கொரு சிறு தொகையாகத் திருப்பி வாங்கினார்கள். அங்கே அது ஓடியதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. கடன் வாங்கிய பெண் நெல் வாங்கிக் குற்றி விற்றாள், பசு வாங்கிப் பால் விற்றாள், சின்னக் கடை வைத்தாள். கையில் நாளாந்தம் கொஞ்சம் காசு புழங்கியது. கிழமைத் தவணை அந்தப் புழக்கத்தின் அளவுக்குத் தைத்த சட்டை.

தோட்டத்தில் காசு அப்படி வருவதில்லை. மாதம் முழுவதும் எடுத்த கொழுந்துக்கு அடுத்த மாதம் பத்தாம் திகதியளவில்தான் சம்பளம். இடையில் ஒரு சிறு முற்பணம் கிடைக்கலாம். சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் எல்லாம் கழித்துத்தான் மிச்சம் கைக்கு வரும். பகல் முழுதும் மலையில் நிற்கிற பெண்ணுக்கு வேறு தொழில் செய்ய நேரமில்லை. லயத்தைச் சுற்றியுள்ள நிலமும் தோட்டத்தினுடையது. மாடு வளர்ப்பவர்கள், மரக்கறி போடுபவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் நான் பேசிய பெரும்பாலான பெண்கள் கடன் வாங்கியது பிள்ளையின் படிப்புக்கு, கூரைத் தகரத்துக்கு, சடங்குக்கு, கணவனோ மகனோ கொழும்புக்கு வேலைக்குப் போவதற்கு. இவை எதுவும் அடுத்த கிழமை காசு தருபவை அல்ல. "வாராவாரம் யாருங்க எங்களுக்குச் சம்பளம் போடுறாங்க?" என்று ஹற்றனில் ஒரு அம்மா கேட்டார். இந்தக் கட்டுரையின் மீதியெல்லாம் அந்தக் கேள்விக்கான விளக்கம்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபா கடன், 24 சதவீத வட்டி, 50 கிழமை என்று வைத்துக்கொள்வோம். வட்டியை முழுத் தொகைக்கும் முழு வருடத்துக்கும் கணக்கிட்டால் 12,000 ரூபா. மொத்தம் 62,000, கிழமைக்கு 1,240 ரூபா. ஆனால் அந்த 50,000 வருடம் முழுவதும் அவளிடம் இருப்பதில்லையே. ஒவ்வொரு கிழமையும் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். உண்மையில் அவள் கையில் மிச்சமிருந்த காசுக்குக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி 45 சதவீதத்தைத் தாண்டும். கிராமீன் வங்கி தொழில் கடனுக்கு வாங்கியது 20 சதவீதம். அதுவும் குறைந்து வரும் மீதிக்குத்தான். அதே 50,000க்கு அந்த முறையில் வட்டி சுமார் 4,900 ரூபாதான். இரண்டு வீதங்களும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலக் கேட்கும். செலுத்தும் காசில் 7,000 ரூபா வித்தியாசம்.

இனிச் சம்பளப் பக்கம். 2024 செப்டம்பரில் சம்பளச் சபை தீர்மானித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் இருபது பேர் விழுந்தால் கழிவுகளுக்கு முன் 27,000. ஒரு கடன் மட்டும் என்றால் மாதம் ஐயாயிரம் சொச்சம். பல்லைக் கடித்துக் கட்டிவிடலாம். வருட ஆரம்பத்து வரட்சியில் கொழுந்து குறையும். வேலை நாளும் குறையும். நிறை வராவிட்டால் அரைப்பேர். பதினான்கு பேர் விழுந்த மாதத்தில் சம்பளம் 18,900. தவணை மட்டும் அதே 1,240. கொழுந்து குறைந்தது சேகரிப்பு உத்தியோகத்தருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவருக்கு இலக்கு இருக்கிறது.

சிக்கல் தொடங்குவது மாதத்தின் மூன்றாவது கிழமையில். சம்பளம் முடிந்திருக்கும், தவணை நிற்கும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும் என்பதால், அடுத்த லயத்துக்காரியின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் இன்னொரு நிறுவனத்தில் கையெழுத்து வைப்பாள். இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒரு வீட்டிலுள்ள கடன் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திகதிகளைப் பாருங்கள். புதிய கடன் கிடைத்த நாளும் பழைய கடனின் நிலுவைத் தவணை கட்டிய நாளும் ஒன்றையொன்று ஒட்டி நின்றால், அந்த வீடு உழைத்துக் கட்டவில்லை, கடனால் கடனைக் கட்டுகிறது. நிறுவனத்தின் புத்தகத்திலோ அது ஒழுங்காகக் கட்டும் நல்ல வாடிக்கையாளர் என்றே பதிவாகும். திருப்பிச் செலுத்தும் வீதம் உயர்வாக இருக்கிறது என்று அறிக்கைகளில் படிக்கும்போது நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

முறையைக் கண்டுபிடித்தவர்களே அதை இப்படி இறுக்கிப் பிடித்திருக்கவில்லை. 1998 வெள்ளத்துக்குப் பின்னர் பங்களாதேஷிலும் தவணைகள் உடைந்தன. கிராமீன் வங்கி தன் விதிகளைத் திருத்தி, கட்ட முடியாதவருக்குத் தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டிக் கொடுத்தது. வங்கியின் பெரும்பான்மைப் பங்கும் கடன் பெறும் பெண்களிடமே இருந்தது. இலங்கைக்கு வந்தபோது சேகரிக்கும் முறை மட்டும் வந்தது. பங்கும் வரவில்லை, அந்த நெகிழ்வும் வரவில்லை. ஆந்திராவில் இதே கதை நடந்து, 2010இல் மாநில அரசு கிழமைத் தவணையை நிறுத்தி மாதத் தவணையைச் சட்டமாக்கியது. மறு வருடம் இந்திய ரிசர்வ் வங்கி, கிழமையா, இரு கிழமைக்கு ஒருமுறையா, மாதமா என்பதைக் கடன் பெறுபவரே தெரிவுசெய்ய வேண்டும் என்று விதித்தது.

நம் நாட்டில் 2018இல் அரசு அறிவித்த நிவாரணம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த, மூன்று மாதம் நிலுவையான கடன்களுக்கானது. வடக்கு கிழக்கின் எட்டு மாவட்டங்களும் அதில் இருந்தன. நுவரெலியா இல்லை. அளவுகோல் வரட்சியே தவிர கடன் அல்ல. அதோடு வந்த 35 சதவீத வட்டி உச்சவரம்பு வீதத்தைப் பற்றிப் பேசியது, தவணை எந்த நாளில் என்பதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் அந்த நாளைச் சரியாகப் பிடித்த ஒரு கடன்முறை லயத்திலேயே பழையபடி ஓடிக்கொண்டிருக்கிறது. அது சீட்டு. பத்துப் பேர் சேர்ந்து, சம்பளத்தன்று மட்டும் காசு சேர்த்து, ஒருவருக்குக் கொடுப்பார்கள். யாருக்கு எந்த மாதம் அவசரம் என்று பேசி முறையை மாற்றிக்கொள்வார்கள். அதன் குறையும் தெரிந்ததே: தொகை சிறியது, சீட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால் கேட்க நாதியில்லை. வடக்கில் பலருக்குப் பழக்கமான சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் அந்த இரண்டு குறையையும் ஓரளவு தீர்க்கும். வட்டியும் அங்கத்தவருக்குள்ளேயே நிற்கும். அதைத் தோட்டத்துக்குக் கொண்டு போவதானால் தவணை நாள் சம்பளத்துக்கு மறுநாளாக இருக்க வேண்டும். கடனின் அளவை இருபது பேர் விழுந்த மாதத்தை வைத்து அல்ல, பதினான்கு பேர் விழுந்த மாதத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். அந்த மாதத்துக் கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் சம்பளத் துண்டில் எழுதப்பட்டே இருக்கிறது. நான் கண்ட கடன் விண்ணப்பங்கள் எதிலும் அந்தத் துண்டைக் கேட்டிருக்கவில்லை.