அப்பா பெயர் இருந்தும் குடியுரிமை இல்லை

பிள்ளையின் பிறப்புப் பத்திரம் கைக்கு வந்ததும் நாம் முதலில் பார்ப்பது பெயரின் எழுத்துக்கூட்டு சரியாக இருக்கிறதா என்பதைத்தான். அடுத்தபடியாக அப்பா பெயர் இருக்கிறதா என்று பார்ப்போம். குடியுரிமை பற்றிய வரியைப் படிப்பவர்கள் குறைவு. அங்கே 'புக்கான் வார்கானெகாரா' என்று அச்சாகியிருப்பது பல வீடுகளில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, மைகார்டு எடுக்கப் போகும்போதுதான் தெரியவருகிறது. பிள்ளை இங்கேதான் பிறந்தது, அப்பா மலேசியர், அவர் பெயரும் பத்திரத்தில் இருக்கிறது, பிறகு ஏன் இப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளமானது.

இந்த மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 1957 மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடியும் வரை மலாயாவில் பிறந்தவர்களுக்கு அது பொருந்தும். அதற்குப் பிறகு பிறப்பிடம் மட்டும் போதாது என்றாகிவிட்டது. இன்றைய அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, இங்கே பிறக்கும் குழந்தையின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தால், குழந்தை பிறந்த கணத்திலேயே குடிமகன். இதுவரை சிக்கல் இல்லை.

அதே அட்டவணையின் பின்பகுதியில் 17ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பெற்றோரின் திருமணம் சட்டப்படி செல்லாது என்றால், 'பெற்றோரில் ஒருவர்' என்று சட்டம் சொல்லும் இடத்தில் எல்லாம் 'தாய்' என்று மட்டுமே படிக்க வேண்டும் என்கிறது அது. அப்பா கணக்கிலேயே வரமாட்டார். மரபணுப் பரிசோதனை செய்து அவர்தான் தகப்பன் என்று காட்டினாலும் பயன் இல்லை, ஏனென்றால் சட்டம் இங்கே கேட்பது இரத்தத்தை அல்ல, திருமணப் பதிவை. பத்திரத்தில் அப்பா பெயர் வந்தது எப்படி என்றால், முஸ்லிம் அல்லாதாரில் திருமணம் ஆகாத பெற்றோர் இருவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டால் பதிவதிகாரி அதை எழுதலாம். பெயர் ஏறும், குடியுரிமை ஏறாது.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிப் பந்தி போட்டால் கல்யாணம் முடிந்தது என்று நினைக்கிறோம். முஸ்லிம் அல்லாதார் திருமணத்துக்கு 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, பதிவு செய்தால்தான் அது திருமணம். இருவரும் மலேசியர்கள் என்றால் தாய் வழியாகவே குழந்தைக்குக் குடியுரிமை வந்துவிடும், அதனால் யாருக்கும் உறைப்பதில்லை. தாய் வெளிநாட்டவர் என்றால்தான் தலைவலி.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் இதே அச்சில் பல உண்டு. அவர் கிள்ளானில் லாரி ஓட்டுகிறார். அவள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். விசா முடிந்துவிட்டதால் பதிவுக்குப் போகப் பயந்து கோயில் கல்யாணத்தோடு நிறுத்திவிட்டார்கள். கிள்ளானிலேயே ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது தாய் ஊர் திரும்பிவிடுகிறாள். குழந்தையை அப்பாவும் பாட்டியும் வளர்க்கிறார்கள்.

மலேசியச் சட்டம் தாயைப் பார்க்கிறது. அவள் இந்தியர், எனவே குழந்தை இந்தியா பக்கம் என்று கைகாட்டுகிறது. இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? 2004 டிசம்பர் 3ஆம் தேதிக்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தை, தாய் இந்தியர் என்பதால் மட்டும் தானாக இந்தியக் குடிமகள் ஆகிவிடாது. பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி தேவை. நம் குழந்தைக்கு யாரும் பதியவில்லை. முதல் பிறந்தநாள் கேக் வெட்டி முடிந்தபோது இரண்டு நாடுகளின் கதவும் சாத்தியாகிவிட்டது. நாடற்ற நிலைக்குப் போர் வேண்டும், அகதி முகாம் வேண்டும் என்று நினைக்கிறோம். இங்கே இரண்டு சட்டங்கள் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தன, நடுவில் குழந்தை விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் உலக நாடுகள் இரண்டு ஒப்பந்தங்களை எழுதின. 1954ஆம் ஆண்டு ஒப்பந்தம் யார் நாடற்றவர் என்று வரையறுத்தது: எந்த நாடும் தன் சட்டத்தின்படி தன்னவராகக் கருதாதவர். 1961ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒருபடி மேலே போய், வேறு குடியுரிமை கிடைக்காத குழந்தைக்கு அது பிறந்த நாடே குடியுரிமை தர வேண்டும் என்றது. பிறந்தவுடன் தரலாம், அல்லது பின்னர் விண்ணப்பித்தால் தரலாம். விண்ணப்பம் என்றால், பிள்ளைக்குப் பதினெட்டு வயதாவதற்குள் வாசல் திறக்க வேண்டும், இருபத்தொன்று ஆவதற்குமுன் மூடக்கூடாது என்று வயதைக்கூடக் குறித்து வைத்தார்கள். இரண்டிலும் மலேசியா கையெழுத்திடவில்லை. சிங்கப்பூரும் இல்லை.

ஆனால் நம் அரசமைப்பிலேயே கிட்டத்தட்ட அதே வாசகம் இருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. இரண்டாம் அட்டவணையின் 1(இ) பிரிவு, அதாவது ஆங்கில வரிசையில் ஐந்தாவது உட்பிரிவு, இங்கே பிறந்து வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர் குடிமகன் என்கிறது. பிறந்த ஓராண்டுக்குள் வேறு குடியுரிமை பெற்றால் மட்டும் அது பிறவியிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். நம் கிள்ளான் குழந்தைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற பிரிவு.

ஏட்டில் இருப்பதைக் கையில் வாங்குவதுதான் பெரும்பாடு. 'இல்லை' என்பதை நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவர் தலையில் விழுகிறது. தாயின் கடப்பிதழ் நகல், ஓராண்டுக்குள் பதிவு நடக்கவில்லை என்று தூதரகத்தின் கடிதம், இவையெல்லாம் வேண்டும். தாய் எங்கே என்று தெரியாத வீட்டில் இது எப்படிக் கிடைக்கும்? 2021இல் கைவிடப்பட்ட குழந்தை ஒன்றின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் குழந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அங்கே பெற்றோர் யாரென்றே தெரியாது. தாய் யாரென்று தெரிந்த குழந்தைக்கு வழி இன்னும் கரடுமுரடு.

சரி, இப்போதாவது திருமணத்தைப் பதிந்துவிடலாமே என்று கேட்பார்கள். பதியலாம், 1961 சட்டப்படி பிள்ளை முறைப்படியான பிள்ளை ஆகும். குடியுரிமை பின்னால் ஓடி வராது. அதே 2021இல், மணிலாவில் பிறந்து ஐந்து மாதம் கழித்துப் பெற்றோர் மணந்த ஒரு பையனின் வழக்கில், பிறந்த நேரத்து நிலையையே பார்க்க வேண்டும் என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் நீதிபதிகள் முடிவு செய்தார்கள். ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம்!

மீதி இருப்பது 15ஏ பிரிவு. சிறப்புச் சூழ்நிலையில் பிள்ளையைக் குடிமகனாகப் பதிய அரசாங்கத்துக்கு அது அதிகாரம் தருகிறது. அது உரிமை அல்ல, அரசின் விருப்பம். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, காரணம் எழுதாத மறுப்புக் கடிதம் வாங்கியவர்கள் உண்டு. ஆனாலும் வாசல் அதுதான். அதற்கு 21 வயது வரை அவகாசம் இருந்தது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அதை 18 ஆக்குகிறது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு நல்லது செய்த அதே திருத்தம்தான் இதையும் செய்தது, அந்தக் கொண்டாட்டத்தில் இது பலர் கண்ணில் படவில்லை. திருமணப் பதிவில்லாமல் பிறந்து, தாய் மலேசியர் அல்லாத பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், கெடு 18 என்றே வைத்துக்கொண்டு தேசியப் பதிவிலாகாவுக்கு இப்போதே போங்கள். மறுப்பு வந்தாலும் தேதி முத்திரையோடு அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். நாளை நீதிமன்றம் போக வேண்டி வந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.