ஓர் அட்டைக்கு ஒரு முடிபு

சென்ற ஞாயிறு மாலை, உயர்தர வகுப்பில் நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் கைத்தொலைபேசியுங் கையுமாக நம் இல்லம் வந்தார். ரியூசன் வகுப்புக்குச் செல்வோர் எத்தனை பேர், இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகின்றனர் என்பன போன்ற சில வினாக்களைச் சக மாணவரிடம் கேட்டு அவரும் நண்பர்களும் ஓர் ஆய்வு நடத்தியிருந்தனர். அதன் முடிபுகளை இன்ஸ்டகிராமில் இடுதற்கு ஆயத்தஞ் செய்த படவரிசையைக் காட்டி, "பிழை இருந்தால் சொல்லுங்கோ, சேர்" என்றார்.

விரலால் தள்ளத் தள்ள ஒன்றன்பின் ஒன்றாய் வரும் இத்தகைய படவரிசையைக் கரோசல் என்பர். 2017ஆம் ஆண்டில் இன்ஸ்டகிராமில் அது புகுந்தபோது ஒரு வரிசையிற் பத்துப் படங்கள்வரை இடக்கூடியதாயிருந்தது; 2024இல் அவ்வெல்லை இருபதாயிற்று. இடத்துக்குப் பஞ்சமில்லை. அவ்வாறிருந்தும் நம் மாணவர் முதல் அட்டையிலேயே நான்கு வட்ட வரைபுகளை நெருக்கி வைத்திருந்தார். எத்தனை பேரிடம் கேட்டார் என்பதோ கடைசி அட்டையின் அடியில், எறும்பு ஊர்ந்தாற் போன்ற எழுத்தில் இருந்தது.

அவருடைய உண்மை இலக்கங்களை ஈண்டு வெளியிடுதல் முறையன்று. ஆதலின், கணக்கு எளிதாகும்படி இலக்கங்களை மாற்றிக் கூறுகின்றோம். உயர்தர வகுப்பு மாணவர் 240 பேர். வாட்ஸ்அப் வழியாக யாவர்க்கும் கூகிள் படிவம் அனுப்பப்பட்டது. விடையளித்தோர் 86 பேர். அவருள் 61 பேர் ரியூசன் செல்வோர். 86 பேருள் 72 பேர் வீட்டிலிருந்து வருவோர். 14 பேர் விடுதியில் உறைவோர்.

ஓர் அட்டைக்கு ஒரு முடிபு என்பது அழகுக்காக வகுத்த விதியன்று. கரோசலில் இட்ட அட்டைகள் ஒன்றாக இருப்பதில்லை. யாரோ ஒருவர் மூன்றாம் அட்டையை மட்டுந் திரையிற் படமாக எடுத்து, குடும்பத்தார் குழுவுக்கு அனுப்பிவிடுவார். முதல் அட்டையும் கடைசி அட்டையும் அதனுடன் செல்வதில்லை. படவரிசையின் கீழே நாம் எழுதும் விளக்கவுரையுஞ் செல்வதில்லை. ஆகவே ஒவ்வோர் அட்டையும் தனியே பிரிந்து போனாலும் பொய் சொல்லாதிருத்தல் வேண்டும். தலைப்பிலே முடிபைக் கூறும் ஒரு முழு வாக்கியம், நடுவே ஒரே வரைபு, அடியிலே அந்த முடிபு எத்தனை பேரின் விடையிலிருந்து வந்தது என்னுங் குறிப்பு, இம்மூன்றும் ஒரே அட்டையில் இருத்தல் வேண்டும். நான்கு வரைபுகளை நெருக்கிய அட்டையில் இக்குறிப்புக்கு இடமேது?

அக்குறிப்பைப் பெரும்பாலோர் ஒரே வசனமாக எழுதி எல்லா அட்டைகளிலும் ஒட்டிவிடுகின்றனர். அதுவே முதற் பிழை. விடையளித்தோர் தொகை வினாவுக்கு வினா மாறும். "நூற்றுக்கு 38 பேர் மூன்று பாடங்களுக்கு ரியூசன் செல்கின்றனர்" என்று நம் மாணவரின் இரண்டாம் அட்டை கூறிற்று. அடியில் 86 என்ற இலக்கம். ஆனால் அவ்வினா ரியூசன் செல்வோரிடம் மட்டுங் கேட்கப்பட்டது. 61 பேருள் 23 பேர் அவ்வாறு கூறினர். நூற்றுக்கு 38 ஆவது அதனாலே. விடையளித்த 86 பேரையும் அடியாகக் கொண்டால் அதே 23 பேர் நூற்றுக்கு 27தான். இரண்டும் மெய்யே. எந்தத் தொகையின்மேல் எடுத்த வீதம் என்று கூறாவிடில், பார்ப்போர் பெரிய இலக்கத்தையே பாடசாலை முழுமைக்குங் கொள்வர். "ரியூசன் செல்லும் 61 பேருள் 23 பேர்" என்று தலைப்பிலேயே எழுதிவிட்டால் ஐயமில்லை.

நம்மைக் கலங்கச் செய்தது நான்காம் அட்டையே. "விடுதி மாணவரே உறக்கங் குறைந்தோர்" என்பது தலைப்பு. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்குவோர் விடுதியில் நூற்றுக்கு 64, வீட்டில் நூற்றுக்கு 42. இரண்டு கோபுரங்கள்; ஒன்று நெடிது, மற்றது குறுகியது. அதைக் காணும் எந்த அதிபரும் மறுநாளே விடுதியில் இரவுப் படிப்பு நேரத்தைக் குறைக்க எண்ணுவார். அங்கு பிள்ளைகளை விட்ட பெற்றோர் இரவு முழுவதும் கவலுவர்.

"தம்பி, அந்த 64 எத்தனை பேர்?" என்று வினவினோம். சற்றே எண்ணிவிட்டு, "ஒன்பது பேர், சேர்" என்றார். பதினால்வருள் ஒன்பதின்மர்! வீட்டிலிருந்து வருவோர் 72 பேருள் 30 பேர். அவ்வொன்பதின்மருள் மூவர், "ஆறரை மணி நேரம் இருக்கும்" என்று நினைத்து வேறு கட்டத்தை அழுத்தியிருப்பின் விடுதியின் கணக்கு பதினால்வருள் அறுவர், அதாவது நூற்றுக்கு 43 ஆகிவிடும். கோபுரங்கள் இரண்டும் ஒரே உயரமாகும்.

இதை அளந்தறிய ஓர் எளிய கணக்குண்டு. விடையளித்தோர் தொகையின் வர்க்கமூலத்தால் 100ஐ வகுத்தால், வீதம் இருபக்கமும் ஏறத்தாழ எவ்வளவு தளம்பக்கூடும் என்பது கிடைக்கும். 72இன் வர்க்கமூலம் ஏறக்குறைய எட்டரை. வழு எல்லை 12. எனவே 42 என்பது 30க்கும் 54க்கும் இடையே எங்கும் இருக்கலாம். 14இன் வர்க்கமூலமோ மூன்றேமுக்கால். வழு எல்லை 27. 64 என்பது 37இலிருந்து 91வரை எங்கும் இருக்கலாம். இவ்விரு வீச்சுகளும் ஒன்றன்மேலொன்று இவ்வளவு படியும்போது, விடுதிக்கும் வீட்டுக்கும் வேறுபாடுண்டு என்று எழுதுதற்கு நமக்கு உரிமையில்லை. முப்பது பேருக்குக் குறைந்த கூட்டத்தில் வீதம் போடுவதையே விட்டுவிடுதல் நன்று என்பது நம் கருத்து. பதினான்கு சிறு வட்டங்களை வரைந்து ஒன்பதுக்கு மட்டும் வண்ணந் தீட்டினால் போதும். பார்ப்போர் தாமே எண்ணிக்கொள்வர். எத்துணைச் சிறிய கூட்டம் என்பதும் கண்ணிற் படும்.

ஆயினும் அந்த வழு எல்லை, சீட்டுக் குலுக்கினாற்போல எழுமாறாகத் தெரிந்தெடுத்தவர்க்கே பொருந்தும். தாமே முன்வந்து விடையளித்தோரை அது அளவிடாது. அனுப்பியது 240 பேருக்கு; மௌனஞ் சாதித்தோர் 154 பேர். அவருள் ஒருவரும் ரியூசன் செல்லாதவராயின், செல்வோர் 240இல் 61, நூற்றுக்கு 25. அனைவருஞ் செல்பவராயின் 240இல் 215, நூற்றுக்கு 90. அட்டையிற் கண்ட 71 இவ்விரண்டுக்கும் இடையே தொங்குகின்றது. இரு முனைகளும் நடப்பன அல்ல என்றாலும், மௌனம் எவ்வளவு பெரிது என்பதை இக்கணக்குப் போல் வேறெதுவுங் காட்டாது.

படிவத்தை எப்பொழுது அனுப்பினார் என்றுங் கேட்டோம். இரவு பதினொரு மணிக்காம்! உறக்கத்தைப் பற்றிய வினாவுக்கு அந்நேரம் விழித்திருந்தவரன்றோ முதலில் விடை எழுதியிருப்பர்? மாணவர் சிரித்துவிட்டார், நாமுஞ் சிரித்தோம்.

பெருந்தொகை சேர்ந்தால் இக்குறை நீங்கும் என்று எண்ணுவோருளர். 1936ஆம் ஆண்டு அமெரிக்க சனாதிபதித் தேர்தலின்போது லிற்றறரி டைஜஸ்ற் என்னும் வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வினாச்சீட்டு அனுப்பிற்று. திரும்பியவை இருபது இலட்சத்துக்கும் மேல். லாண்டன் வெல்வார் என்றது இதழ். வென்றவரோ றூஸ்வெல்ற், அதுவும் நூற்றுக்கு 60க்கு மேற்பட்ட வாக்குகளால். தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வண்டி வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து பெயர்களை எடுத்தமையும், விரும்பியோர் மட்டுந் திருப்பி அனுப்பியமையும் அவ்விதழின் கணக்கைக் கெடுத்தன. அதனினும் மிகக் குறைந்த தொகையினரைக் கேட்ட கலப் என்பார், றூஸ்வெல்ற் வெல்வார் என்று சரியாகச் சொன்னார். ஆகவே குறிப்பில் எத்தனை பேர் என்பதோடு, அவர்கள் எவ்வாறு வந்தனர் என்பதும் இருத்தல் வேண்டும்.

நாமிருவரும் அமர்ந்து நான்காம் அட்டையைத் திருத்தினோம். "86 பேருள் 39 பேர் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்குவதாகக் கூறினர்" என்பது புதிய தலைப்பு. "உறங்குகின்றனர்" என்று எழுதவில்லை. அவர் கூறியதையே நாம் அறிவோம். அடிக்குறிப்பு இவ்வாறு அமைந்தது: "உயர்தர வகுப்பு மாணவர் 240 பேருக்குப் படிவம் அனுப்பினோம், தாமாக விடையளித்தோர் 86 பேர். ஏனையோர் நிலை தெரியாது. விடுதி மாணவர் 14 பேர் மட்டுமே. வீட்டாரோடு ஒப்பிட இத்தொகை போதாது."

எழுத்தின் அளவையும் பார்த்தோம். அட்டையின் அகலம் 1080 படப்புள்ளிகள். தொலைபேசியில் அது ஏறக்குறைய ஏழு சென்ரிமீற்றராகச் சுருங்குகின்றது. அவர் இட்ட 20 புள்ளி எழுத்து ஒன்றேகால் மில்லிமீற்றர் உயரந்தான். நம் எழுத்துக்கோ மேலும் கீழும் விசிறிகளும் சுழிகளும் உண்டு; அவை கரைந்து போகும். 36க்கு உயர்த்தினோம். கோபுர வரைபுகள் யாவும் சுழியத்தில் தொடங்கி நூறில் முடியுமாறுஞ் செய்தோம். ஓர் அட்டை 50இல் முடிந்து அடுத்தது 100இல் முடிந்தால், தள்ளிக்கொண்டு போகுங் கண் முந்திய உயரத்தோடேயே ஒப்பிட்டு ஏமாறும்.

"இவ்வளவையும் எழுதினால் ஆக்கள் பார்க்காமல் தள்ளிவிடுவினம், சேர்" என்றார். அதுவும் மெய்யே, சிலர் தள்ளிவிடுவர். முதல் அட்டையில் ரியூசன் பற்றிய முடிபைப் பேரெழுத்தில் இட்டுக்கொள்ளலாம், அடியிற் குறிப்பு மட்டும் நீங்கலாகாது என்றோம். விடுதியைப் பற்றிய அட்டையை எடுத்துவிட அவருக்கு மனமே இல்லை. நண்பர்கள் அதையே பெரிதும் பாராட்டினராம்.

ஈற்றில், விடுதியின் நிலையை உண்மையாகவே அறிய வேண்டுமாயின் என் செய்வது என்று வினவினார். விடுதிப் பதிவேட்டில் எத்தனை பேர் என்றோம். முப்பத்தேழு பேராம். அத்தனை பேரையுங் கேட்டுவிடலாமே! மாதிரியே வேண்டியதில்லை. வீட்டிலிருந்து வருவோர்க்குப் பதிவேட்டில் ஒவ்வொரு நான்காம் பெயராக எடுத்தால் ஐம்பது பேரளவில் வருவர். அவருள் விடை தராதவரை ஒரு வாரம் விடாது தேடிப் பிடித்தல் வேண்டும். தாமாக வந்த 86 பேரினும் இந்த ஐம்பது பேர் நம்பத்தக்கவர். படிவத்தை இரவில் அனுப்பாது, வகுப்பிலே காலை வேளையில் தாளாகக் கொடுக்கவுஞ் சொன்னோம். திங்கட்கிழமை பதிவேட்டைப் பார்க்க விடுதிப் பொறுப்பாசிரியரிடம் அனுமதி கேட்கப் போவதாகக் கூறி, சைக்கிளில் ஏறிச் சென்றார்.