காலிக் கட்டம் ‘இல்லை’ ஆகாது

அறிவியல் பட்டறை முடிந்ததும் கூகுள் படிவத்தில், மின்னஞ்சல் முகவரியோடு கருத்துக் கேட்டீர்கள். பதில்களை எக்செல்லில் திறந்தால் 50 வரிகள். அப்படியே எண்ணி அறிவியல் துறையிடம் கொடுக்கலாமா? கூடாது என்பேன்.

ஆறு பேர் இரண்டு முறை அனுப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். Remove Duplicates கட்டளையில் எல்லா நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்தால் எதுவும் நீங்காது. Timestamp நேரம் வரிக்கு வரி மாறுகிறதே! பதில்களை மட்டும் ஒப்பிட்டால், ஒரே மாதிரி பதிலளித்த இருவரில் ஒருவர் காணாமல் போவார். ஆகவே மின்னஞ்சலை மட்டும் ஒப்பிடுங்கள். மேலே உள்ள வரிதான் எஞ்சும். திருத்தி அனுப்பிய பதில் வேண்டுமென்றால், புதியது மேலே வரும்படி முதலில் அடுக்குங்கள். இனி 44 பேர்.

அவர்களில் நால்வர் “மீண்டும் வருவீர்களா?” என்ற கடைசிக் கேள்வியை விட்டுவிட்டார்கள். அதற்காக அவர்களை அழிப்பது நியாயமில்லை. மற்றக் கேள்விகளுக்குப் பதில் தந்திருக்கிறார்களே. இந்தக் கேள்விக்கு 30 பேர் “ஆம்” என்றால், 40ஆல் வகுங்கள்: 75 விழுக்காடு. 44ஆல் வகுத்தால் 68தான். மௌனத்தை “இல்லை” என்று எண்ணியதாகிவிடும்.

அறிக்கையில் “40 பேரில் 30” என்றே எழுதுங்கள். யாரை விட்டோம், ஏன் விட்டோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். மூலக் கோப்பை மட்டும் தொடாதீர்கள்.