விலைவாசியை மறந்த என்.பி.வி. கணக்கு

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி வட்டாரத்தில் கரும்பும் வெல்லமும் பழகிய தொழில். அங்கே ஓர் ஆலைக் கொட்டகைக்காரர், சாறு கூடுதலாகப் பிழியும் புதிய கிரஷர் வாங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை 10 லட்சம் ரூபாய். இன்றைய வெல்ல விலைப்படி ஆண்டுக்கு 2.5 லட்சம் மிச்சமாகும். ஆறு ஆண்டு உழைக்கும். பிறகு பழைய இரும்புக்குப் போகும் தொகையை விட்டுவிடலாம். வங்கி வட்டி 14 சதவீதம். வாங்கலாமா?

நிதி மேலாண்மை வகுப்பில் இதற்கு நிகர இன்றைய மதிப்பு, அதாவது என்.பி.வி., பார்க்கச் சொல்வார்கள். பின்னால் வரும் பணத்தை வட்டிவிகிதத்தால் சுருக்கி இன்றைய பணமாக்கி, அதிலிருந்து முதலீட்டைக் கழிப்பதே அது. முதல் ஆண்டு முடிவில் வரும் 2.5 லட்சத்தை 1.14 ஆல் வகுத்தால் 2.19 லட்சம். ஆறாம் ஆண்டில் வருவதை 1.14 ஆல் ஆறுமுறை வகுக்க, 1.14 லட்சமே மிஞ்சும். ஆறையும் கூட்டினால் 9.72 லட்சம். முதலீட்டைவிட 28 ஆயிரம் குறைவு. எனவே வாங்காதே என்கிறது விடை.

இந்த விடை தவறு. வங்கி கேட்கும் 14 சதவீதத்துக்குள் வரப்போகும் விலைவாசி உயர்வுக்கான ஈடும் அடங்கியிருக்கிறது. வரவை மட்டும் ஆறு ஆண்டும் இன்றைய விலையிலேயே நிறுத்தி வைத்தோம். விலைவாசியை வகுக்கும் எண்ணில் சேர்த்துவிட்டு, வகுபடும் எண்ணில் விட்டுவிட்டோம்.

ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம். அதையே வைத்துக்கொண்டால், 1.14-ஐ 1.04 ஆல் வகுக்க, விலைவாசி நீங்கிய விகிதம் சுமார் 9.6 சதவீதம். அதைக் கொண்டு அதே 2.5 லட்சங்களைச் சுருக்கினால் 11.01 லட்சம் வருகிறது. நட்டமாகத் தெரிந்த கிரஷர் ஒரு லட்சம் லாபம் தருகிறது. வரவை ஆண்டுக்கு 4 சதவீதம் உயர்த்தி 14 சதவீதத்தால் சுருக்கினாலும் இதே தொகைதான் கிடைக்கும்.

பலன் தள்ளிப்போகப் போக இந்தப் பிழை பெருகும். காய்ப்புக்குச் சில ஆண்டு காத்திருந்து, பிறகு பல்லாண்டு பலன் தரும் தென்னந்தோப்பை இதே குழப்பத்தோடு கணக்கிட்டால், நல்ல தோப்பும் கடனுக்குத் தகுதியற்றதாகத் தோன்றும்.

ஆனால் மண்டியில் வெல்ல விலை விலைவாசியோடு சேர்ந்தே ஏறும் என்று யாரும் உறுதி தர முடியாது. வரத்து பெருகினால் சரியும். ஆகவே ஒரு விடையோடு நிறுத்தாமல், எங்கே லாபம் பூஜ்யமாகிறது என்றும் பார்க்க வேண்டும். இங்கே ஆண்டு மிச்சம் இன்றைய மதிப்பில் 2.27 லட்சத்துக்குக் கீழே போனால் நட்டம். ஏறத்தாழ 9 சதவீதச் சரிவைத்தான் இந்த முதலீடு தாங்கும். முடிவெடுக்க ஆலைக்காரருக்கு வேண்டிய எண் இதுதான்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைப்பதோடு ஆசிரியர்கள் நின்றுவிடக் கூடாது. கணக்கின் முதல் வரியிலேயே, வரவு இன்றைய விலையிலா, அந்தந்த ஆண்டு விலையிலா என்று மாணவர் எழுத வேண்டும். விகிதமும் அதற்கு ஒத்திருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத விடைக்கு மதிப்பெண் கொடுக்கக் கூடாது. அதைக் காட்டிக் கடனை மறுக்கவும் கூடாது.