விரலில் வலி, நெஞ்சில் எரிச்சல்: கேட்கப்படாத ஒரு கேள்வி

கால் பெருவிரல் சிவந்து வீங்கி வருவோரிடம் வீட்டார் முதலில் பறிப்பது ஆட்டுக்கறியை. அடுத்து பருப்பு, தக்காளி, கத்தரிக்காய் என்று இலையில் உள்ளவை ஒவ்வொன்றாகக் குறைகின்றன. மதுவைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. இந்த வரிசை தலைகீழானது என்பதே எங்கள் கருத்து.

அண்மையில் வந்த ஒருவரின் நிலையைச் சொல்கிறோம். உறவினர் திருமணத்திற்காகச் சென்றவர் சனிக்கிழமை இரவு நான்கு பெரிய பாட்டில் பியர் குடித்திருக்கிறார், ஞாயிறன்றும் அவ்வாறே. இரவு பதினொரு மணிக்குப் பிரியாணி உண்டு உடனே படுத்துவிட்டார். திங்கள் அதிகாலை மூன்று மணிக்குப் பெருவிரலில் வலி. போர்வை பட்டாலும் தாங்கவில்லை. அதே நேரம் தொண்டை வரை புளித்த நீர் ஏறியது. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் இரண்டு நாள் விழுங்கினார். விரல் சற்றே அடங்கியது, நெஞ்செரிச்சலோ உறங்கவிடவில்லை.

இவை இரண்டு தனி நோய்கள் என்றே அவர் எண்ணியிருந்தார். இரண்டையும் கிளப்பியது ஒன்றே. கல்லீரல் மதுவைச் சிதைக்கும்போது உயிரணுக்களின் ஆற்றல் சேமிப்பு கரைகிறது; அதன் எச்சம் யூரிக் அமிலமாகிறது. அப்போது லாக்டிக் அமிலமும் பெருகி, சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைத் தடுக்கிறது. வரவு கூடி, செலவு குறைகிறது. பியரில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருளும் இருப்பதால் சுமை இன்னும் ஏறும். இரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் ஊசி போன்ற படிகங்கள் உருவாகலாம். உடலில் குளிர்ச்சியான இடம் கால்விரல். படிகம் அங்கே எளிதில் படிகிறது. பியருக்குப் பதில் விஸ்கி என்று மாற்றிக்கொள்வோரும் உண்டு. பியர் கூடுதல் கேடு என்பது மெய். ஆனால் எந்த மதுவாயினும் அளவு கூடினால் வலி கிளம்பும்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் கதவுபோல் காவல் நிற்கிறது. மது அதைத் தளர்த்திவிடுகிறது. ஏறி வந்த அமிலத்தைக் கீழே தள்ளும் குழாயின் அசைவையும் மந்தமாக்குகிறது. பியரும் ஒயினும் அமிலச் சுரப்பையே தூண்டுபவை. நிறைந்த வயிற்றுடன் படுத்தால் மீதி வேலையைப் படுக்கை செய்துவிடும். இதன்மேல் விழுங்கிய வலி மாத்திரை, இரைப்பையின் காப்புப் படலத்தையும் அரித்தது. உள்நோக்கிப் பரிசோதனையில் உணவுக்குழாயின் அடியிலும் இரைப்பையிலும் புண்கள் தெரிந்தன.

அவரது இரத்தத்தில் யூரிக் அமிலம் அன்று 6.4 மட்டுமே. "அப்போ இது கவுட் இல்லையே, டாக்டர்?" என்றார் மனைவி. வலி உச்சத்தில் இருக்கும்போது இந்த அளவு தாழ்ந்து காட்டுவதுண்டு. மூட்டு நீரை ஊசியால் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது படிகங்கள் இருந்தன. இரண்டு வாரம் கழித்து அளவு 9.1. வலி மாத்திரையை நிறுத்தி, குறைந்த அளவில் கோல்சிசினும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் கொடுத்தோம். நெடுநாள் மருந்தின் இலக்கு யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழே வைப்பது. ஏற்கெனவே அந்த மருந்தை உட்கொள்வோர், வலி வந்துவிட்டதே என்று நிறுத்தக்கூடாது.

எவ்வளவு குடிப்பார் என்று நாங்கள் கேட்டதும், "எப்போதாவது" என்றார். மனைவி தரையைப் பார்த்தார். இந்த மௌனத்தை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். மானத்தைக் காக்கும் முயற்சி என்று புரிகிறது. ஆனால் அதனால் தவறான மருந்து போய்ச் சேர்கிறது. எத்தனை பாட்டில், வாரத்தில் எத்தனை நாள் என்று சொல்லுங்கள். நோயாளியின் எதிரில் தயக்கமெனில் தனியே வந்து சொல்லலாம்.

மூட்டு வீக்கத்துடன் காய்ச்சல், கருநிற மலம், இரத்த வாந்தி, விழுங்க இடர், வியர்வையுடன் நெஞ்சுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் வீட்டில் காத்திராதீர்கள். நெஞ்செரிச்சல் என்று எண்ணப்படும் வலி இதயத்தினுடையதாகவும் இருக்கலாம். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் இதைப் படித்துவிட்டு நாளையே திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரக்கூடும். அவரை முதலில் எங்களிடம் அழைத்து வாருங்கள். மருந்தின் துணையோடு நிறுத்த வழி உண்டு.